‘வீல்’ சுற்றுவதற்கு முன் ஆறரை லட்சத்தை எண்ணிப் பாருங்கள்

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கிற ஐந்து பேரில் ஒருவராவது இப்போது ஆப்ஷன் விற்கிறார். “வாங்கினாதான் சார் நஷ்டம். நாம விக்கிற ஆளு. மாசாமாசம் வாடகை மாதிரி வந்துடும்” என்று சொல்வார். அவர் சொல்லும் முறைக்கு ‘வீல்’ என்று பெயர். புட் விற்பது, பங்கு தலையில் விழுந்தால் அதன்மேல் கால் விற்பது, பங்கு கையைவிட்டுப் போனால் மறுபடி புட் விற்பது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் பிரீமியம் வரும்.

முறையில் பொய் இல்லை. ஆனால் அதை வாடகை என்று சொல்வதில் பெரிய பொய் இருக்கிறது.

முடிச்சூரில் ஒருவருக்கு மனை இருக்கிறது என்று வையுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் அவர் விற்க நினைத்தால் 50 லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாக நீங்கள் எழுதித் தருகிறீர்கள். அந்த வாக்குக்காக அவர் உங்களுக்கு 50 ஆயிரம் தருகிறார். சாதாரண மாதத்தில் அவர் விற்க வரமாட்டார், 50 ஆயிரம் உங்களுக்கு மிச்சம். ஆனால் 2015 டிசம்பர் மாதிரி அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிப்படி வரை தண்ணீர் நிற்கிற மாதம் ஒன்று வந்தால், மறுநாள் காலை பத்திரத்தோடு உங்கள் வாசலில் முதல் ஆளாக அவர்தான் நிற்பார். நீங்கள் வாங்கியது வாடகை அல்ல, வெள்ளக் காப்பீட்டுக்கான கட்டணம். புட் விற்பது இதுதான்.

இனி சக்கரத்தின் மறுபாதி. மனை உங்களிடம் வந்துவிட்டது. இப்போது வேறொருவரிடம், “நீங்கள் விரும்பினால் மாதக் கடைசிக்குள் 50 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதிக் கொடுத்து அதற்கும் ஒரு தொகை வாங்குகிறீர்கள். விலை ஏறினால் அவர் எடுத்துக்கொள்வார், ஏற்றம் முழுக்க அவருக்கு. விலை இறங்கினால் மனை உங்களிடமே கிடக்கும், இறக்கம் முழுக்க உங்களுக்கு. கையில் பங்கை வைத்துக்கொண்டு கால் விற்பது இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறினால் அளவான லாபம், இறங்கினால் பூஜ்யம் வரை அடி என்பது இரண்டுக்கும் பொது. ஒரே ஸ்ட்ரைக்கில் புட் விற்பதும், பங்கை வைத்துக்கொண்டு கால் விற்பதும் கணக்கில் ஒன்றே. சக்கரம் சுற்றும்போது நீங்கள் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்லை. ஒரே பந்தயத்தை வேறு சட்டை போட்டுத் திரும்பத் திரும்பக் கட்டுகிறீர்கள். ஆகவே ‘புட் சொதப்பினால் கால் காப்பாற்றும்’ என்ற நம்பிக்கைக்கு அடித்தளமே கிடையாது.

இதை நம் சந்தையில் நடந்த ஒரு வீழ்ச்சியை வைத்தே போட்டுப் பார்ப்போம். பங்கு இண்டஸ்இண்ட் வங்கி. காலம் 2024 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை. பங்கு விலைகள் நடந்தவை, முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறேன். பிரீமியத் தொகைகளும் ஸ்ட்ரைக்குகளும் கணக்கு விளங்க நான் வைத்துக்கொண்டவை. லாட் 500 பங்கு.

அக்டோபர் தொடக்கத்தில் பங்கு 1,350 ரூபாய்க்கு மேலே. நம் நண்பர் 1,300 ஸ்ட்ரைக்கில் அக்டோபர் புட் ஒரு லாட் விற்கிறார். பிரீமியம் 20 ரூபாய், கைக்கு 10,000. ஒழுக்கமானவர், 1,300 பெருக்கல் 500 என்று ஆறரை லட்சத்தை முழுதாக ஒதுக்கி வைத்திருக்கிறார். பெரிய தனியார் வங்கி, அப்போது நிஃப்டி 50ல் இருந்த பங்கு, பயம் எதற்கு?

அக்டோபர் 24 மாலை காலாண்டு முடிவு வந்தது. நிகர லாபம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. மறுநாள் பங்கு சுமார் 19 சதவீதம் விழுந்து 1,040 அருகே முடிந்தது. ராத்திரி முடிவு வந்து காலையில் சந்தை திறக்கும்போதே பள்ளம் விழுந்துவிட்டதால் ‘ஸ்டாப் லாஸ்’ போட்டிருந்தவருக்கும் பயனில்லை. 31ஆம் தேதி எக்ஸ்பைரி. 1,300 கொடுத்து, 1,050க்குப் போகிற 500 பங்கு அவர் டீமேட்டுக்கு வந்து சேர்ந்தது.

வீல் ஆட்கள் இந்த இடத்தில் பதறமாட்டார்கள். “சரி, இப்ப கால் விப்போம்” என்பார்கள். எந்த ஸ்ட்ரைக்கில் விற்பது என்பதில்தான் முடிச்சு விழுகிறது. வாங்கின விலையான 1,300ல் ஒரு மாதக் காலுக்கு அப்போது ஓரிரு ரூபாய்தான் கிடைக்கும். ப்ரோக்கரேஜும் வரியும் போனால் டீக்காசு. காசு பார்க்க வேண்டுமென்றால் 1,100 மாதிரி கீழே இறங்கி விற்க வேண்டும். ஆனால் 1,100ல் பங்கு போய்விட்டால் 200 ரூபாய் நஷ்டம் நிலைத்துவிடும். எனவே ஒன்று பிரீமியம் இல்லை, அல்லது மீட்சி இல்லை. விழுகிற சந்தையில் சக்கரத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் ஆபத்து இதுவே. சக்கரம் நிற்பதில்லை, ஆனால் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் நஷ்டத்துக்குப் பூட்டுப் போடுகிற சுற்றாகிவிடுகிறது.

நண்பர் 1,100ஐத் தேர்ந்தெடுக்கிறார். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதக் கால்கள், சராசரியாக 12 ரூபாய், மொத்தம் 60. பங்கு அந்த மாதங்களில் பெரும்பாலும் 900க்கும் 1,100க்கும் நடுவில் உழன்றது. எக்செல் தாளில் தன் ‘அடக்க விலை’ 1,300லிருந்து 1,220க்கு இறங்கிவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். இந்த அடக்க விலைக் கணக்கை நான் நம்புவதில்லை. அது மனசுக்குக் கொடுக்கிற மருந்து. சந்தையில் 900க்குப் போகிற பொருள் உங்கள் தாளில் 1,220 என்று இருந்தால் என்ன, 1,280 என்று இருந்தால் என்ன, இன்று கையில் இருப்பது 900.

2025 மார்ச் 10 மாலை வங்கியிடமிருந்து பங்குச் சந்தைகளுக்கு அறிவிப்பு வந்தது. அதன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருக்கிறது, பாதிப்பு நிகர மதிப்பில் 2.35 சதவீதம் அளவுக்கு இருக்கலாம். (ஆப்ஷன் விற்றவரை டெரிவேட்டிவ் கணக்கே கவிழ்த்தது என்று மெப்ஸ் டீக்கடையில் சிரிக்கலாம், மாட்டியவர் சிரிக்கமாட்டார்.) மறுநாள் 27 சதவீதம் வீழ்ச்சி. 900ல் இருந்த பங்கு 656ல் முடிந்தது.

இதற்குப் பின் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ஒரு பங்கில் திறந்திருக்கும் ஒப்பந்தங்கள் சந்தை வைத்த உச்சவரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘எஃப் அண்ட் ஓ பேன்’ பட்டியலுக்குப் போகும். அப்போதைய விதிப்படி, இருக்கிற ஒப்பந்தத்தைக் குறைக்கலாம், புதிதாக எதையும் விற்கக்கூடாது. மார்ச் மத்தியில் இண்டஸ்இண்ட் அந்தப் பட்டியலில் இருந்தது. பயத்தால் பிரீமியம் உப்பியிருந்த நேரத்தில், கால் விற்றாவது கொஞ்சம் தேற்றலாம் என்று நினைத்தவருக்குக் கதவு மூடியிருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் நண்பர் அலுத்துப்போய் 750 ஸ்ட்ரைக்கில் ஒரு கால் விற்கிறார், பிரீமியம் 20. பங்கு 700 பக்கம்தானே இருக்கிறது, எங்கே ஏறப்போகிறது? மாதம் முடிவதற்குள் 800ஐத் தாண்டிவிட்டது. 24ஆம் தேதி எக்ஸ்பைரியில் 750க்குப் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

கணக்கை முடிப்போம். பிரீமியம் 20, 60, 20, ஆக 100 ரூபாய். 500 பங்குக்கு 50,000. பங்கில் நஷ்டம் 1,300 கழித்தல் 750, அதாவது 550 ரூபாய், 500 பங்குக்கு 2,75,000. மிச்சம் 2,25,000 நஷ்டம். ஏழு மாதத்தில் ஆறரை லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி.

நியாயமாகச் சொன்னால், அக்டோபரில் 1,350க்கு மேல் வெறுமனே பங்கை வாங்கி ஏப்ரல் கடைசியில் 800 சொச்சத்துக்கு விற்றவரும் அடிபட்டிருக்கிறார், ரூபாய்க் கணக்கில் நண்பரைவிடக் கூடவே. ஆகவே ‘வீல் பங்கு வைத்திருப்பதைவிட மோசம்’ என்பது என் வாதம் அல்ல. பங்கு வைத்திருப்பவனின் இறக்கம் அத்தனையும் உங்களுக்கு வரும், அவனுடைய ஏற்றத்தில் ஒரு துண்டுதான் வரும் என்பதே வாதம். 656லிருந்து 800க்கு ஏறியதில் 94 ரூபாயோடு நண்பரின் கதவு சாத்தப்பட்டது. அமெரிக்காவில் இதையே பல ஆண்டுகளாக ஒரு குறியீடாக அளக்கிறார்கள். எஸ் அண்ட் பி 500ஐ வைத்துக்கொண்டு மாதாமாதம் கால் விற்கும் பிஎக்ஸ்எம் குறியீடு 2020ஐ ஏறக்குறைய 3 சதவீத நஷ்டத்தில் முடித்தது. கால் விற்காமல் சும்மா வைத்திருந்த எஸ் அண்ட் பி, டிவிடெண்ட் சேர்த்து 18 சதவீத லாபத்தில் முடித்தது. மார்ச் வீழ்ச்சியில் இரண்டும் விழுந்தன. எழுந்தபோது ஒன்று மட்டும் முழுதாக எழுந்தது.

இதுவரை பார்த்தது ஒழுக்கமானவரின் கதை. தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் நான் அதிகம் பார்ப்பது வேறு ரகம்.

அமெரிக்கப் புத்தகங்களில் ‘கேஷ் செக்யூர்ட் புட்’ என்றால் முழுப் பணத்தையும் ப்ரோக்கர் பிடித்து வைத்துவிடுவார். இங்கே அப்படி ஒரு பொருளே திரையில் கிடையாது. நீங்கள் புட் விற்றால் ப்ரோக்கர் கேட்பது மார்ஜின், ஒப்பந்த மதிப்பில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ. முழுப் பணம் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆறரை லட்சம் வைத்திருப்பவருக்கு நாலு லாட் விற்க இடம் இருப்பதாகத் திரை சொல்லும். பிரீமியம் 10,000க்குப் பதில் 40,000. இது முறைகேடாகத் தெரியாது, புத்திசாலித்தனமாகத் தெரியும்.

அக்டோபர் 25 காலையில் அந்த நாலு லாட்டுக்கு என்ன ஆனது? ஒரு பங்குக்கு 260 போய், வாங்கிய 20 கழிந்து 240 ரூபாய் நஷ்டம், 2,000 பங்குக்கு 4,80,000. ஆறரை லட்சத்தில் முக்கால்வாசி ஒரே காலையில். அதோடு பயத்தால் மார்ஜின் தேவையும் ஏறும். பணம் போடச் சொல்லி மெயில் வரும். நீங்கள் போடாவிட்டால் ப்ரோக்கர் அன்றைய மோசமான விலைக்கு மூடிவிடுவார். எப்படியோ எக்ஸ்பைரி வரை பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் பெரிய கேள்வி காத்திருக்கிறது. 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் இங்கே பங்காகவே ஒப்படைக்கப்படுகின்றன, காசாகத் தீர்க்கப்படுவதில்லை. நாலு லாட்டுக்கு 26 லட்சம் வேண்டும். எங்கிருந்து? பெருங்களத்தூர் ஃபிளாட்டின் மேல் டாப்-அப் லோன் எடுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

இன்னொரு வித்தியாசம், இதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம் 100 பங்கு. சின்னச் சின்னதாக ஏழெட்டுக் கம்பெனிகளில் பிரித்து விற்கலாம். இங்கே ஒரு லாட்டின் மதிப்பே பல லட்சம். ஐந்து பங்கில் ஒழுங்காக முழுப் பணத்தோடு வீல் சுற்ற 30 லட்சத்துக்கு மேல் வேண்டும். சம்பளக்காரர் ஒருவரால் முடிவது ஒரே பங்கில் ஒரே லாட். சேமிப்பு முழுவதையும் ஒரே வங்கியின் அடுத்த காலாண்டு முடிவின் மேல் வைப்பதற்குச் சமம். நிஃப்டியில் விற்றால் பரவாயில்லையா என்பார்கள். குறியீட்டு ஆப்ஷன் காசாகத் தீர்வதால் பங்கு கைக்கு வராது, சக்கரத்தின் மறுபாதியே இல்லை. நிஃப்டி இடிஎஃப் வாங்கி இணைக்கலாம். ஆனால் அது தானாக நடக்காது, விழுந்த மறுநாள் நீங்களே கை நடுங்காமல் வாங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் செய்துதான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், செய்கிற விதம் ஒன்று இருக்கிறது.

முதலில் ஸ்ட்ரைக்கை லாட்டால் பெருக்குங்கள். அந்தத் தொகை முழுவதும் லிக்விட் ஃபண்டிலோ லிக்விட் இடிஎஃப்பிலோ இருக்க வேண்டும். அதையே பிளெட்ஜ் செய்து மார்ஜினாகக் காட்டலாம், வட்டி மாதிரி கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். இந்தத் தொகைக்கு மேல் ஒரு லாட்கூட விற்பதில்லை என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டுக்கடன் தவணைப் பணம் இதில் இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, எக்ஸ்பைரிக்குள் காலாண்டு முடிவு வருகிறதா என்று பாருங்கள். இங்கே பங்கு ஆப்ஷன் மாதாந்திரமாக மட்டுமே உண்டு, எனவே ஆண்டில் நாலு மாதமாவது முடிவுத் தேதி உங்கள் ஒப்பந்தத்துக்குள் மாட்டும். அந்த மாதம் பிரீமியம் கூடத் தெரிவதற்குக் காரணமே அதுதான். அந்த நாலு மாதம் சும்மா இருங்கள். மார்ச் 10 அறிவிப்பு மாதிரி தேதி இல்லாமல் வருவதற்கு இது மருந்தல்ல, அக்டோபர் 24 மாதிரியானதற்கு மருந்து.

மூன்றாவது, புட் விற்கிற அன்றே வெளியேறும் விலையை எழுதி வையுங்கள். பங்கு கைக்கு வந்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று கையில் காசு இருந்து, பிரீமியம் என்ற ஒன்றே இல்லாவிட்டால், இந்த விலைக்கு இந்தப் பங்கை வாங்குவேனா? வாங்கமாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள். கால் விற்று ஒத்திப்போடாதீர்கள். வாங்குவேன் என்றால், வாங்கின விலைக்குக் கீழே கால் விற்காமல் சும்மா பங்கை வைத்திருங்கள். வருமானம் இல்லாத மாதங்கள் வரும், அதற்குத் தயாரில்லாதவர் இதில் இறங்கவே கூடாது. சக்கரம் மாட்டிக்கொண்டதற்கு அடையாளம் சுலபம். வாங்கின விலையில் விற்கும் காலின் பிரீமியம் செலவுக்குக்கூடக் காணவில்லை என்றாலோ, ‘சராசரி பண்ண’ இரண்டாவது லாட் புட் விற்கக் கை போகிறது என்றாலோ மாட்டிவிட்டீர்கள்.

கால் விற்கும்போது பங்கு உங்களிடம் இருப்பதாலேயே மார்ஜின் தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பங்கைப் பிளெட்ஜ் செய்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதி மார்ஜினாகக் கிடைக்கும். ஆனால் மார்ஜினில் பாதி காசாகவோ காசுக்கு நிகரானதாகவோ இருக்க வேண்டும். எக்ஸ்பைரியில் கால் பலித்தால் ஒப்படைக்கப் பங்கு விடுபட்டிருக்க வேண்டும். பிளெட்ஜிலேயே மாட்டிக்கிடந்தால் ஏலத்துக்குப் போய் அபராதம் விழலாம்.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆப்ஷன் பிரீமியம் தொழில் வருமானம், உங்கள் வருமான அடுக்கு விகிதத்தில் வரி. கைக்கு வந்த பங்கை முதலீடாகக் காட்டி விற்றால் அது மூலதன நஷ்டம், அதை மூலதன லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். நண்பர் 50,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரி கட்டிவிட்டு 2,75,000 நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போக நேரலாம். ஐடிஆர்-3 போட வேண்டும். எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன்பே பேசுங்கள்.

தாம்பரம் ரயில்வே ஊர், விமானப்படை ஊர். அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும் ரயில்வே ஊழியர் விதிகளும் பங்குகளில் ஊக வணிகத்தைத் தடுக்கின்றன. அடிக்கடி வாங்குவதும் விற்பதுமே ஊக வணிகமாகக் கருதப்படும். மாதாமாதம் ஆப்ஷன் விற்பது இதற்குள் வராது என்று வாதாடுவது கடினம். ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் சொந்தக் கம்பெனிப் பங்கின் மேல் கால் விற்க ஆசைப்படுவது உண்டு. உள்தகவல் விதியில் நீங்கள் குறிக்கப்பட்ட ஊழியரா, ஆறு மாதத்துக்குள் எதிர்த்திசை வணிகம் கூடாது என்ற தடை உங்களுக்கு உண்டா என்று கம்ப்ளையன்ஸ் பிரிவில் கேட்காமல் தொடாதீர்கள். தவிர, சந்தை மணி 9.15 முதல் 3.30 வரை. எக்ஸ்பைரி மதியம் நீங்கள் கிளையண்ட் காலில் இருப்பீர்கள்.

செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், முந்தைய நிதியாண்டில் பங்கு டெரிவேட்டிவில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டம். விற்பவர் எல்லோரும் மீதி 9 சதவீதத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

என்எஸ்இயில் பங்கு ஆப்ஷன் எக்ஸ்பைரி 2025 செப்டம்பரிலிருந்து மாதத்தின் கடைசிச் செவ்வாய். அதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் ப்ரோக்கருக்கு மெயில் அனுப்பி இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒப்படைப்புக்காக மார்ஜினை எந்த நாளிலிருந்து எவ்வளவு ஏற்றுவீர்கள், பணம் போதாவிட்டால் எந்த நாள் எத்தனை மணிக்கு என் ஒப்பந்தத்தை மூடுவீர்கள். பதில் வரும்வரை புட் விற்க வேண்டாம்.